‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தவறு போடலாமா?

ஆறாம் ஆண்டு அம்மா — மார்ச் 4, இரவு 9:12

சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. டியூஷனில் சரி / தவறு கேள்விகளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாக்கியத்தில் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’, ‘எல்லா’, ‘மட்டும்தான்’ என்று ஏதாவது வந்தால் படித்துக்கூடப் பார்க்காதே, தவறு என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போ என்று.

பையனும் அப்படியே செய்தான். பாதிக்கு மேல் சரியாக வந்தது, ஆனால் கணக்குப் பகுதியில் மதிப்பெண் போனது. தாள் இப்போது என் கையில் இருக்கிறது. சில வாக்கியங்களை அப்படியே தருகிறேன்:

நீர் எப்போதும் 100 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். (தவறு போட்டான், மதிப்பெண் கிடைத்தது.)

எல்லாப் பாலூட்டிகளும் குட்டி போடும். (தவறு போட்டான், கிடைத்தது.)

மலேசியாவின் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சுல்தான் இருக்கிறார். (தவறு போட்டான், கிடைத்தது.)

எல்லாச் சதுரங்களும் செவ்வகங்களே. (தவறு போட்டான், போய்விட்டது.)

எந்த முக்கோணத்திலும் இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியாது. (தவறு போட்டான், போய்விட்டது.)

கிடைத்த மூன்றுக்கும் ஏன் தவறு என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. இந்த வழி சரியானதா இல்லையா?

கரும்பலகை — மார்ச் 4, இரவு 10:05

நான் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர். இப்படிப்பட்ட தாள்களைத் தயாரித்தவனும்கூட. அந்த வழி ஏன் பெரும்பாலும் பலிக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன்.

‘எல்லா’ என்று சொன்னவன் ஒரு பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறான். உலகில் இருக்கும் பாலூட்டி இனம் ஒவ்வொன்றும் அவன் சொன்னபடி நடக்க வேண்டும். அவனைப் பொய்யாக்க எனக்கு ஒரே ஒரு இனம் போதும். ஆஸ்திரேலியாவில் பிளாட்டிபஸ் இருக்கிறது, முட்டையிட்டுப் பாலூட்டும். எகிட்னாவும் அப்படித்தான். கதை முடிந்தது. ‘பெரும்பாலான பாலூட்டிகள் குட்டி போடும்’ என்று எழுதியிருந்தால் பிளாட்டிபஸால் அந்த வாக்கியத்தை ஒன்றும் செய்ய முடியாது.

சுல்தான் கேள்வியும் இதே வகை. 13 மாநிலங்களில் 9-க்குத்தான் பரம்பரை ஆட்சியாளர் உண்டு. பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் ஆளுநர். அந்த 9 பேரிலும் பெர்லிஸில் ராஜா, நெகிரி செம்பிலானில் யாங் டி பெர்துவான் பெசார். இருவருக்கும் சுல்தான் என்ற பட்டம் இல்லை. ஆக, அந்த ஒரு வாக்கியத்தை உடைக்க ஆறு மாநிலங்கள் வரிசையில் நிற்கின்றன.

ஆனால் படிக்காமல் தவறு போடு என்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாத விஷயம். நாளை எழுதுகிறேன்.

ஐந்தாம் படிவம் — மார்ச் 4, இரவு 10:31

நான் இந்த வருடம் எஸ்.பி.எம். எழுதுகிறேன். டியூஷனில் சொன்னது சரிதான் ஆன்ட்டி. ஒரு எதிர் உதாரணம் போதும் என்றால், இவ்வளவு பெரிய உலகத்தில் எங்காவது ஒன்று கிடைக்காமலா போகும்? அப்புறம் இன்னொன்று: ‘எல்லா’ தவறு என்று தெரிந்தால் ‘எதுவும் இல்லை’ என்பது சரி. அந்த ஜோடி வந்தால் ஒன்றை வைத்து மற்றதைப் போட்டுவிடலாம்.

கரும்பலகை — மார்ச் 5, காலை 7:20

ஐந்தாம் படிவத்துத் தம்பி, முதல் பாதியில் பாதி சரி, இரண்டாவது பாதி சரியில்லை.

‘எல்லா மாநிலத்திலும் சுல்தான் உண்டு’ தவறு. அதனால் ‘எந்த மாநிலத்திலும் சுல்தான் இல்லை’ சரியாகிவிடுமா? பேராக்கில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறோம், இங்கேயே சுல்தான் இருக்கிறார். இரண்டு வாக்கியமும் தவறு. ‘எல்லா’ என்பது பொய்யானால் நமக்கு உறுதியாகக் கிடைப்பது ‘குறைந்தது ஒன்றாவது அப்படி இல்லை’ என்பது மட்டும். அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட நகர முடியாது. தேர்வில் இந்த ஜோடியை வைப்பதே நீங்கள் சொன்ன நினைப்பில் இருப்பவர்களைப் பிடிக்கத்தான்.

முதல் பாதிக்கு வருகிறேன். உலகம் பெரியது, எங்காவது ஒரு விலக்கு கிடைக்கும் என்பது இயற்கையைப் பற்றிய வாக்கியங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். விலங்கு, செடி, வானிலை, மனிதப் பழக்கம் இவற்றை நாம் வெளியிலிருந்து பார்த்துப் பொதுமைப்படுத்துகிறோம். பார்க்காதது எப்போதும் மிச்சம் இருக்கும். சதுரம் அப்படியில்லை. செவ்வகம் என்றால் நான்கு கோணமும் செங்கோணமாக உள்ள நாற்கரம் என்று நாமே வைத்திருக்கிறோம். சதுரத்துக்கு அது இருக்கிறது, கூடவே நான்கு பக்கமும் சமம். விலக்கான ஒரு சதுரத்தைத் தேடி எந்தக் காட்டுக்கும் போக வேண்டாம். நான்கு கோணமும் செங்கோணமாக இல்லாத நாளில் அது சதுரமே இல்லை.

அம்மா, உங்கள் பையனுக்குப் போன மதிப்பெண் இந்த இடத்தில்தான் போயிருக்கிறது.

பெரட்டுக்களம் — மார்ச் 5, காலை 11:48

நான் படிப்பாளி இல்லை, தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியார் ஐயா சொல்வதைப் படித்ததும் எனக்குச் செம்பனைதான் ஞாபகம் வந்தது. இது இங்கே பொருந்துமா தெரியாது, சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்தது ஜொகூர் குளுவாங் பக்கம். அந்தக் காலத்தில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் காற்றில்தான் போகும் என்று சொல்வார்கள். எப்போதும் காற்றுதான், வேறு வழியே இல்லை என்பார்கள். ஆனால் காற்று இருந்தும் குலை சரியாகப் பிடிக்காது. அதனால் ஆள் வைத்து, மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து பெண் பூவில் ஊதிவிடுவார்கள். என் அம்மா அந்த வேலைக்குப் போனவர். மரம் மரமாகப் போக வேண்டும். பூ விரிந்திருக்கிற நாளைத் தவறவிட்டால் அந்தக் குலை போச்சு.

அப்புறம் 1981-ல் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஊதுகிற வேலை நின்றுபோனது. காற்றுதான் எப்போதும் என்று சொன்னவர்கள் எல்லாம் வண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கரும்பலகை — மார்ச் 5, மதியம் 2:15

பெரட்டுக்களம் ஐயா, இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்காது. அந்த வண்டின் பெயர் எலைடோபியஸ் கமெருனிகஸ், கேமரூன் நாட்டுச் செம்பனைகளிலிருந்து வந்தது. ரஹ்மான் சையத் என்ற பூச்சியியலாளர்தான் அங்கே போய் ஆராய்ந்தவர். ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் கொண்டுபோவதில் பூச்சிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று காட்டினார். செம்பனை அங்கிருந்து நம் பக்கம் வந்தபோது மரம் மட்டும் வந்தது, வண்டு வரவில்லை. இங்கே பார்த்தவர்களுக்குக் காற்று மட்டும்தான் கண்ணில் பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த ‘எப்போதும்’ எப்படிப் பிறந்தது என்பது. யாரும் பொய் சொல்லவில்லை. தாங்கள் பார்த்த இடத்தில் பார்த்ததைப் பார்க்காத இடத்துக்கும் நீட்டினார்கள். இயற்கையைப் பற்றிய முழு உறுதிச் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் உடைகின்றன. கேமரூனில் ஒரு வண்டு முன்பே இருந்துகொண்டிருக்கும்.

எல் போர்டு — மார்ச் 5, மாலை 6:40

நான் கார், மோட்டார் ஓட்டப் பழக்குகிறவன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். உண்டாங் தேர்வுக்குப் போகிற பசங்களும் இந்த மாதிரிக் குறுக்குவழி கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நான் அவர்களுக்கு நேர் எதிராகச் சொல்வேன்: சாலை விதியில் ‘எப்போதும்’, ‘கட்டாயம்’ என்று வந்தால் சரி போடு. ‘மோட்டாரில் போகும் எல்லோரும் எப்போதும் ஹெல்மெட் அணிய வேண்டும்.’ சரியா தவறா? சரி. இதில் தவறு போட்டால் லைசென்ஸே கிடைக்காது. அதனால் அந்த டியூஷன் வழி சுத்தத் தவறு.

பெரட்டுக்களம் — மார்ச் 5, இரவு 8:02

தம்பி, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட் வேண்டாமே. ஈப்போவில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

எல் போர்டு — மார்ச் 5, இரவு 8:19

அது தனி விலக்கு அண்ணே. கேள்வி எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கிறது.

ஐந்தாம் படிவம் — மார்ச் 5, இரவு 8:25

‘எல்லோரும்’ என்று எழுதியிருந்தால் பொதுவாக என்று எப்படிச் சொல்ல முடியும்? விலக்கு இருக்கிறது என்றால் வாக்கியம் தவறு. நான் தவறுதான் போடுவேன்.

கரும்பலகை — மார்ச் 5, இரவு 9:50

எல் போர்டு தம்பி சொல்வதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சட்டம், விதி, விளையாட்டு ஒழுங்கு, கணித வரையறை இவையெல்லாம் மனிதன் போட்டவை. அவற்றை எழுதும்போதே முழு உறுதியோடு எழுதுவான். அங்கே ‘எப்போதும்’ என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். ஆனால் சட்டத்துக்கும் கணிதத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சட்டம் போடுபவன் அதே கையால் விலக்கும் எழுதுவான். அந்த விலக்கு பெரும்பாலும் வேறு ஒரு பத்தியில் இருக்கும்.

நம் மாமன்னர் அகோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அகோங் எப்போதும் ஒன்பது ஆட்சியாளர்களில் ஒருவராகவே இருப்பார்.’ சரி. அரசியலமைப்பே அப்படி வைத்திருக்கிறது. ‘ஒவ்வொரு அகோங்கும் ஐந்தாண்டு முழுமையாக ஆட்சி செய்தார்.’ தவறு. முதல் அகோங்கும் இரண்டாவது அகோங்கும் 1960-ல் பதவியிலேயே காலமானார்கள். 2019 ஜனவரியில் ஒருவர் பதவி விலகினார். ‘எவரும் இரண்டு முறை அகோங் ஆனதில்லை.’ இதுவும் தவறு. கெடா சுல்தான் அப்துல் ஹலிம் 1970-லும் 2011-லும் அகோங் ஆனார். மூன்று வாக்கியமும் அகோங்கைப் பற்றியவைதான், மூன்றிலும் முழு உறுதிச் சொல் இருக்கிறது. முதலாவது விதியைப் பற்றியது, நிற்கிறது. மற்ற இரண்டும் நடந்ததைப் பற்றியவை, நிற்கவில்லை. ஐந்தாண்டு என்பது விதியில் இருக்கும் காலம்தான். ஆனால் மரணமும் ராஜினாமாவும் விதியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

ஹெல்மெட் கேள்விக்கு வருவோம். ‘சட்டப்படி’ என்று ஆரம்பித்தாலும் தலைப்பாகை விலக்கும் சட்டத்தில்தான் இருக்கிறது. கறாராகப் பார்த்தால் ஐந்தாம் படிவம் சொல்வது சரி. ஆனால் உண்டாங் தேர்வில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் அந்தக் கேள்வி எதைச் சோதிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எல் போர்டு — மார்ச் 5, இரவு 10:10

நான் பசங்களைச் சரி போடச் சொல்வதை நிறுத்தப் போவதில்லை சார்.

ஐந்தாம் படிவம் — மார்ச் 5, இரவு 10:12

நானும் தவறு போடுவதை நிறுத்தப் போவதில்லை.

ஆறாம் ஆண்டு அம்மா — மார்ச் 6, காலை 6:30

எல்லாம் படித்தேன். நீர் விஷயம் இன்னும் யாரும் சொல்லவில்லை. என் அக்கா தானா ராத்தாவில் இருக்கிறாள். அங்கே பருப்பு வேக நேரமாகும் என்பாள். அதுதான் காரணமா?

கரும்பலகை — மார்ச் 6, காலை 8:45

அதேதான் அம்மா. தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 1,400 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், நீர் சீக்கிரமே கொதிக்கத் தொடங்கும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே 95 டிகிரி அளவில் கொதித்துவிடும். அதற்கு மேல் சூடேறாது, அதனால் பருப்பு வேக நேரமாகிறது. அக்கா பிரஷர் குக்கர் வைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, நீர் 120 டிகிரிப் பக்கம் போன பிறகுதான் கொதிக்கும். ஒரே வீட்டில், ஒரே குழாய்த் தண்ணீர், திறந்த சட்டியில் ஒரு கணக்கு, குக்கரில் இன்னொரு கணக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அதே கேள்வியை ‘கடல்மட்டக் காற்றழுத்தத்தில் தூய நீர் எப்போதும் சுமார் 100 டிகிரியில் கொதிக்கும்’ என்று எழுதினால் அது சரி. ‘எப்போதும்’ அப்படியே இருக்கிறது. நிபந்தனையைச் சேர்த்ததும் வாக்கியம் நிமிர்ந்துவிட்டது. டியூஷன் வழியில் போகும் பிள்ளை இதிலும் தவறு போட்டுவிடும். முழு உறுதிச் சொல்லைப் பார்த்ததும் அதற்கு முன்னால் ஏதாவது வேலி கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கரும்பலகை — மார்ச் 6, காலை 9:30

கேள்வி தயாரிப்பவன் பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வழி பலிப்பதற்கு இன்னொரு காரணம் அங்கே இருக்கிறது.

சரி / தவறு தாளுக்குத் தவறான வாக்கியம் எழுதுவது, நினைப்பதைவிடக் கடினம். அப்பட்டமான பொய்யாக இருந்தால் எல்லாப் பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் அவசரத்தில் இருக்கும் ஆசிரியர் பாடநூலிலிருந்து ஓர் உண்மை வாக்கியத்தை எடுப்பார். ‘பெரும்பாலான பறவைகள் பறக்கும்.’ அதில் ‘பெரும்பாலான’ என்பதை அடித்துவிட்டு ‘எல்லா’ என்று போடுவார். நெருப்புக்கோழியும் பெங்குவினும் அவருக்காகத் தயாராக இருக்கின்றன. தவறான வாக்கியம் ரெடி. அதே தாளில் சரியான வாக்கியங்களை எழுதும்போது யாரும் குறை சொல்லிவிடக் கூடாது என்று ‘பொதுவாக’, ‘சில’, ‘இருக்கலாம்’ என்று தளர்த்தி எழுதுவார். ஆகத் தாளிலேயே ஒரு பக்கம் இறுக்கமான சொற்களும் இன்னொரு பக்கம் தளர்ந்த சொற்களும் சேர்ந்துவிடுகின்றன. பிள்ளைகள் பாடத்தைப் படிக்காமல் ஆசிரியரின் கைப்பழக்கத்தைப் படித்துவிடுகிறார்கள்.

இதைத் தெரிந்த ஆசிரியர் வேண்டுமென்றே சதுரத்தையும் முக்கோணத்தையும் உள்ளே வைப்பார். உங்கள் பையனின் தாளைத் தயாரித்தவர் அப்படிப்பட்டவர் என்று தோன்றுகிறது. எனக்கு அவர்மீது மரியாதை வருகிறது.

ஐந்தாம் படிவம் — மார்ச் 6, மாலை 5:05

சார், கணக்கில் ‘எப்போதும்’ வந்தால் நம்பலாம் என்கிறீர்கள். சரி, ஒன்று தருகிறேன். n-க்கு 0, 1, 2 என்று போட்டுக்கொண்டே போங்கள்:

```
n*n + n + 41
```

41, 43, 47, 53, 61, 71... எல்லாம் பகா எண். இருபது வரை போட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. ‘இந்தச் சூத்திரம் எப்போதும் பகா எண்ணையே தரும்.’ இது சரிதானே?

கரும்பலகை — மார்ச் 6, இரவு 9:15

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கவனித்த சூத்திரத்தின் ஒரு வடிவம் இது. இருபதில் நிற்காதீர்கள், முப்பதுக்குப் போங்கள், 39-க்கும் போங்கள். அதுவரை ஒவ்வொன்றும் பகா எண்தான். இப்போது n = 40 போடுங்கள்.

```
40*40 + 40 + 41 = 1681 = 41*41
```

உடைந்துவிட்டது. ஏன் உடைந்தது என்று பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். 40×40 + 40 என்பது 40×41. அதனோடு இன்னொரு 41-ஐக் கூட்டினால் 41×41. இந்த முடிவு முதல் நாளிலிருந்தே சூத்திரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சிறிய எண்களையே போட்டுக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. n = 41 போட்டாலும் மூன்று உறுப்பிலும் 41 இருக்கிறது, 41×43 வந்துவிடும்.

கணக்கு என்பதற்காக நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. காரணம் கையில் இருந்தால் நம்பலாம். இதோ இன்னொரு வாக்கியம்: ‘n*n + n எப்போதும் இரட்டை எண்.’ இதை நான் நூறு எண்ணுக்குப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அது n-ஐ n+1 ஆல் பெருக்கியது. அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று கட்டாயம் இரட்டை. இரட்டையால் எதைப் பெருக்கினாலும் இரட்டை. விலக்கு வருவதற்கு வாசலே இல்லை. நீங்கள் தந்த சூத்திரத்துக்கு நாற்பது சாட்சிகள் இருந்தன, காரணம் இல்லை. இதற்குச் சாட்சியே தேவையில்லை.

பெரட்டுக்களம் — மார்ச் 6, இரவு 9:41

சூத்திரம் எனக்குப் புரியவில்லை. ஆனால் நாற்பதாவது ஆள் வரும்வரை எல்லோரும் நல்லவர்கள் என்பது தோட்டத்தில் பார்த்ததுதான்.

ஐந்தாம் படிவம் — மார்ச் 6, இரவு 10:20

40 போட்டுப் பார்த்தேன். ஆமாம். சரி, அப்படியானால் முக்கோணத்தை எடுக்கிறேன். பள்ளியில் இருக்கும் உலக உருண்டையைப் பாருங்கள். வட துருவத்திலிருந்து இரண்டு தீர்க்கரேகைகளைப் பூமத்திய ரேகைக்கு இறக்குங்கள். இரண்டும் அதைச் செங்கோணத்தில்தான் வெட்டும். மூன்று பக்கம், இரண்டு செங்கோணம். துருவத்தில் 90 டிகிரி விட்டு இறக்கினால் மூன்றுமே செங்கோணம். ஆகத் தம்பி போட்ட தவறுதான் சரியான விடை. மதிப்பெண்ணைத் திருப்பிக் கேளுங்கள் ஆன்ட்டி.

கரும்பலகை — மார்ச் 7, காலை 7:05

உருண்டையில் நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. இதைப் படித்து எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஆறாம் ஆண்டுத் தாளில் முக்கோணம் என்றால் தாளில் வரையும் முக்கோணம். அதில் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரி. இரண்டு செங்கோணத்துக்கே 180 போய்விட்டால் மூன்றாவது கோணத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. விடை சரி. அதே நேரத்தில், கேள்வியில் ‘சமதளத்தில்’ என்று ஒரு சொல் போட்டிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நீர் கேள்விக்கு வேண்டும் என்று நான் கேட்ட வேலியை இங்கே மட்டும் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. மதிப்பெண் கேட்கலாமா என்று அம்மா முடிவு செய்யட்டும்.

ஆறாம் ஆண்டு அம்மா — மார்ச் 7, மதியம் 1:30

மதிப்பெண் கேட்கப் போவதில்லை, தம்பி. ஆனால் பையனிடம் உருண்டையைக் காட்டினேன். மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டான், இப்போது அழிய மாட்டேன் என்கிறது.

ஐயா, ஒன்று மட்டும் கேட்கிறேன். விலக்கை எப்படித் தேடுவது? ஒரு கேள்விக்கு அவனுக்கு ஒரு நிமிடம்கூட இருக்காது. பிளாட்டிபஸ் ஞாபகம் இல்லாவிட்டால் என்ன செய்வான்?

கரும்பலகை — மார்ச் 7, இரவு 8:30

ஓரத்தில் தேடச் சொல்லுங்கள். விலக்குகள் நடுவில் இருப்பது அபூர்வம், ஓரத்தில்தான் குடியிருக்கும்.

எண்ணைப் பற்றிய வாக்கியமானால் 0, 1, 2, பின்னம், எதிர்ம எண் இந்த ஐந்தையும் போட்டுப் பார்க்கட்டும். ‘ஓர் எண்ணின் வர்க்கம் எப்போதும் அந்த எண்ணைவிடப் பெரியது’ என்று வந்தால் 5, 6, 7 என்று போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இரவு முழுக்கச் சரியாகவே வரும். அரையை எடுத்தால் வர்க்கம் கால். முடிந்தது. ‘எல்லாப் பகா எண்களும் ஒற்றை எண்கள்’ என்றால் மிகச் சிறிய பகா எண்ணான 2-ஐப் பார்த்தாலே போதும்.

நாட்டைப் பற்றியதானால் பெர்லிஸ், பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக்கை முதலில் நினைக்கட்டும். நாம் பேராக், சிலாங்கூரை வைத்து மலேசியா முழுவதையும் நினைத்துக்கொள்வோம். விலங்கு என்றால் ஆஸ்திரேலியா பக்கமும் துருவப் பக்கமும் போய் வரட்டும். பொருள் என்றால் வழக்கத்துக்கு மாறான சூட்டையும் அழுத்தத்தையும் நினைக்கட்டும். ‘எல்லா உலோகங்களும் அறை வெப்பநிலையில் திடமானவை’ என்றால் பழைய காய்ச்சல்மானியில் இருந்த பாதரசம் ஞாபகம் வந்தால் போதும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் தன்னையே கேட்கட்டும்: இது ஏன் எப்போதும் அப்படி இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குச் சொல்லத் தெரியுமா? தெரிந்தால் சரி போடலாம். சதுரத்துக்குத் தெரியும். விலக்கும் கிடைக்கவில்லை, காரணமும் தெரியவில்லை, நேரமும் இல்லை என்றால் அப்போது டியூஷனில் சொன்னபடி தவறு போடட்டும். அந்த வழிக்கு நான் கொடுக்கும் இடம் அதுதான், கடைசி இடம்.

கரும்பலகை — மார்ச் 7, இரவு 8:52

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். சொல்லே இல்லாமலும் முழு உறுதி வரும். ‘பறவைகள் பறக்கும்’, ‘செம்பனைக்கு மகரந்தம் காற்றில் வரும்’ என்பதில் எப்போதும், எல்லா என்று ஒன்றும் இல்லை. பிள்ளையின் கண் சொல்லை மட்டும் தேடினால் இதைக் கவனிக்காமல் சரி போட்டுவிடும். பெரட்டுக்களம் ஐயாவின் வண்டு இங்கேயும் இருக்கிறது.

எல் போர்டு — மார்ச் 8, காலை 10:15

என் வீட்டுக்காரம்மா இந்த இழையைப் படித்துவிட்டு, ‘நீங்கள் எப்போதும் தாமதமாகத்தான் வருகிறீர்கள்’ என்று நான் சொன்னால் அதுவும் தவறா என்று கேட்கிறார். போன தைப்பூசத்துக்கு நேரத்தோடு வந்தேன் என்று சொன்னேன். விலக்கு ஒன்று போதும் இல்லையா சார்?

கரும்பலகை — மார்ச் 8, காலை 11:00

வாக்கியம் தவறுதான் தம்பி. ‘பெரும்பாலும்’ என்று மாற்றிச் சொன்னால் உங்களிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் ஆண்டு அம்மா — மார்ச் 14, இரவு 8:40

இந்த வாரம் இன்னொரு தாள் வந்தது. ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் விலக்கை எழுதவில்லை என்றால் திருத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சதுரத்தோடு இப்போது சண்டை இல்லை. ‘எல்லாச் செவ்வகங்களும் சதுரங்களே’ என்று திருப்பிக் கேட்டிருந்தார்கள், தவறு போட்டு எங்கள் வீட்டுக் கதவை வரைந்து வைத்திருக்கிறான்.

ஒன்றில் மட்டும் எனக்கே சந்தேகம். ‘தீபாவளி மலேசியாவின் எல்லா மாநிலங்களிலும் பொது விடுமுறை.’ தவறு போட்டுப் பக்கத்தில் சரவாக் என்று எழுதியிருக்கிறான். ஓரத்தில் தேடு என்றீர்களே, அதனால் சும்மா எழுதினானா, உண்மையா?

கரும்பலகை — மார்ச் 14, இரவு 9:05

உண்மை. சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறை கிடையாது. அவன் தெரிந்து எழுதினானா ஊகித்து எழுதினானா என்று கேட்டுப் பாருங்கள், அம்மா. ஊகம் என்றால் விடை சரி, ஆனால் பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

எல் போர்டு — மார்ச் 14, இரவு 9:22

நிஜமாகவா? என் மச்சான் மீரியில் வேலை செய்கிறான். தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு வருடமும் கோபித்துக்கொள்வோம். இன்று இரவே கூப்பிட்டுக் கேட்கிறேன்.

ஆறாம் ஆண்டு அம்மா — மார்ச் 14, இரவு 9:50

கேட்டேன் ஐயா. வகுப்பில் சரவாக்கிலிருந்து மாறி வந்த ஒரு பையன் சொன்னானாம்.